விளக்கு எரிகிறது, வெளிச்சம் இல்லை!
செம்பரம்பாக்கம் கடைக்காரரின் மனு, மின்சார வாரியத்தில் என்ன ஆகும்?

செம்பரம்பாக்கம் என்றதும் ஏரிதான் நினைவுக்கு வரும். சென்னை மக்களின் தாகம் தீர்க்கும் ஏரி அது. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் அந்த ஊர் வந்துவிடும்.

முன்பு அது வயலும் தோப்புமாக இருந்த பக்கம். இன்று சுற்றிலும் தொழிற்சாலைகள். வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்க வரிசை வரிசையாக வீடுகள். ஒரு வீடு இருந்த மனையில் நாலு குடித்தனம். நாலு குடித்தனத்துக்கும் நாலு பிரிட்ஜ், நாலு தண்ணீர் மோட்டார்!

இப்படிப்பட்ட பகுதிகளில் கடை வைத்திருப்பவர்களின் பெருங்குறை ஒன்று உண்டு. மாலையில் வோல்டேஜ் இறங்கிவிடுவதுதான் அது. வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் விளக்கு மங்கும்; மினுக்கும்; மின்விசிறி சோம்பலாகச் சுற்றும்.

கடைக்காரர் மின்சார வாரியத்துக்கு மனுக் கொடுப்பார். “வோல்டேஜ் சரியில்லை. ஆவன செய்யவும்” என்று இரண்டு வரி எழுதுவார். மறுநாள் காலையில் ஆள் வந்து பார்ப்பார். அப்போது வோல்டேஜ் நன்றாகவே இருக்கும்! “எல்லாம் சரியாக இருக்கிறதே” என்று போய்விடுவார். மாலையில் மறுபடியும் அதே கதை.

குறை எங்கே இருக்கிறது? கம்பியிலும் இருக்கிறது, மனுவிலும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் வீட்டுக்கும் கடைக்கும் வரவேண்டிய வோல்டேஜ் 240. இது நூற்றுக்கு 6 பங்கு கூடலாம். 6 பங்கு குறையலாம். அதாவது சுமார் 225 முதல் 254 வரை இருக்கலாம். 225க்குக் கீழே போனால் அது குறைதான். மனுச் செய்ய உரிமை உண்டு.

வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் 240இலிருந்து 200 ஆகக் குறைந்தால், ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால் பல்பின் வெளிச்சமோ ஏறக்குறையப் பாதியாகிவிடும்!

இப்போது வரும் எல்.இ.டி. பல்புகளில் பல அப்படி மங்குவதில்லை. வோல்டேஜ் மிகவும் குறைந்தாலும் ஒரே மாதிரி எரியும். ஆகவே, “பல்பு நன்றாகத்தானே எரிகிறது” என்று ஏமாந்துவிடக் கூடாது. மின்விசிறியைப் பாருங்கள். பிரிட்ஜைக் கேளுங்கள். அவை பொய் சொல்லா.

உண்மையில் அடி வாங்குவது பிரிட்ஜ்தான். அதனுள்ளே கம்ப்ரஸர் என்ற மோட்டார் இருக்கிறது. அது நின்று நின்று ஓடும். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அதற்கு உந்துவலு தேவை. வோல்டேஜ் 240இலிருந்து 180 ஆகிவிட்டால், அதாவது கால் பங்கு குறைந்தால், அந்த உந்துவலு பாதியளவுக்கு விழுந்துவிடும். கம்ப்ரஸரால் புறப்பட முடியாது. “ம்ம்ம்” என்று முனகும். பிறகு “டிக்” என்று ஒரு சத்தம். மோட்டார் கருகாமல் இருக்க, பாதுகாப்புக் கருவி தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சத்தம் அது. சில நிமிஷம் கழித்து மறுபடியும் முனகல், மறுபடியும் “டிக்”.

இந்தச் சத்தம் கேட்டால் உடனே பிரிட்ஜை அணைத்துவிட வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே உள்ள பால், தயிர் சில மணி நேரம் தாங்கும். முனகவிட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கம்ப்ரஸர் கருகும். பாலும் போகும், பிரிட்ஜும் போகும்.

மங்குவது வேறு, மினுக்குவது வேறு

மனு எழுதும் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

மாலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணி வரை ஒரே சீராக மங்கிக் கிடந்தால், அது சுமை அதிகமானதால் வருவது. எல்லோரும் வீடு திரும்பி, விளக்கு, விசிறி, ஏ.சி., மோட்டார் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள். கம்பியால் தாங்க முடியவில்லை.

வெட்டி வெட்டி மினுக்கினால், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். காற்று அடிக்கும்போது மட்டும் மினுக்கினால், கம்பத்தில் உள்ள இணைப்பு ஆடுகிறது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் செய்யும்போதோ, மாவு மில் மோட்டார் போடும்போதோ மட்டும் ஒரு கணம் மங்கினால், அந்த மோட்டார் இழுக்கும் இழுப்பு அது. மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும்.

இன்னொரு வகை மினுக்கல் இருக்கிறது. அது ஆபத்தானது. உங்கள் கடையில் விளக்கு மங்கும்போது, பக்கத்துக் கடையில் விளக்கு வழக்கத்துக்கு மீறிப் பிரகாசமாக எரிகிறதா? உங்கள் கடையிலேயே சிறிது நேரம் மங்கி, சிறிது நேரம் பளீரென்று எரிகிறதா? அப்படியானால் நியூட்ரல் கம்பி தளர்ந்தோ அறுந்தோ இருக்கலாம். அந்தக் கம்பி முழுவதும் விட்டுவிட்டால், சில கடைகளுக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் பாயக்கூடும். டி.வி., பிரிட்ஜ், பல்பு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

இதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, போன் செய்ய வேண்டும். 2021ஆம் ஆண்டு தொடங்கிய “மின்னகம்” சேவை மையத்தின் எண்: 94987 94987. பகல், இரவு எந்த நேரமும் பேசலாம். கம்பத்தில் தாமே ஏறுவதோ, தெரிந்த பையனை ஏற்றுவதோ உயிருக்கு உலை வைக்கும் வேலை.

குறை வெளியிலா, கடைக்குள்ளேயா?

வாரியத்தைக் குறை சொல்லுமுன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும்.

வோல்டேஜ் காட்டும் சிறிய மீட்டர் எலெக்ட்ரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிளக்கில் செருகினால் எண் தெரியும். டெஸ்டரை வைத்துப் பார்த்துப் பயனில்லை. 240 வோல்ட் இருந்தாலும் டெஸ்டர் எரியும். 150 இருந்தாலும் எரியும்!

மாலை 8 மணிக்குக் கடையில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரைப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது 230, போட்டதும் 200 என்று விழுந்தால், குறை உங்கள் கடைக்கு வரும் வழியில்தான். உங்கள் பியூசிலோ, மெயின் சுவிட்சிலோ, கம்பத்திலிருந்து கடைக்கு வரும் சர்வீஸ் கம்பியிலோ இணைப்பு தளர்ந்திருக்கும். தளர்ந்த இடம் சூடேறும். சில சமயம் கருகிய வாடை வரும்.

மீட்டருக்குப் பிறகு வரும் வயரிங் கடைக்காரரின் பொறுப்பு. லைசென்சு பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சரி செய்துகொள்ள வேண்டும். மீட்டரும் அதற்கு முன்னால் உள்ளதும் வாரியத்தின் பொறுப்பு. அங்கே உள்ள சீலை யாரும் தொடக் கூடாது.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 187தான் காட்டுகிறது என்றால், குறை தெருவில் இருக்கிறது. இப்போது மனு எழுதலாம்.

ஒரு தெருவின் கணக்கு

தெருவில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து 500 மீட்டர் தள்ளி, தெருக்கோடியில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மரில் 240 வோல்ட் இருக்கிறது. அது கடைக்கு வருவதற்குள் எப்படிக் குறைகிறது?

குழாயில் ஓடும் தண்ணீரைப் போலத்தான். குழாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால், கடைசி வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கம்பியும் அப்படியே. கிராமப் பக்கம் போடப்படும் மெல்லிய அலுமினியக் கம்பிக்கு, ஒரு கிலோ மீட்டருக்குச் சுமார் 1 ஓம் தடை உண்டு. 500 மீட்டருக்கு அரை ஓம். எத்தனை ஆம்பியர் ஓடுகிறதோ அதில் பாதி வோல்ட் வழியிலேயே செலவாகிவிடும்.

தெருக் கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகள் போகின்றன. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். நாலாவது, நியூட்ரல். ஒவ்வொரு வீட்டையும் ஏதாவது ஒரு பேஸில் இணைப்பார்கள். இங்கேதான் கோளாறு பிறக்கிறது.

புது வீடு வரும்போதெல்லாம் கைக்கு எட்டிய கம்பியிலேயே இணைத்து இணைத்து, ஒரே பேஸில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. நம் தெருக்கோடியில் மாலை 8 மணிக்குச் சிவப்பில் 60 ஆம்பியர், மஞ்சளில் 20, நீலத்தில் 10 ஓடுவதாகக் கொள்வோம். மொத்தம் 90. நம் மளிகைக் கடை சிவப்பில் இருக்கிறது.

சிவப்புக் கம்பியில் 60 ஆம்பியர் வரும்போது 30 வோல்ட் போய்விட்டது. மூன்று பேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றும் ஓடாது. இங்கே சமமில்லை. ஆகவே மிச்சக் கரண்ட் நியூட்ரல் வழியே திரும்புகிறது. அங்கேயும் இருபத்திரண்டரை வோல்ட் நஷ்டம். ஆக மொத்தம் ஐம்பத்திரண்டரை வோல்ட் வழியிலேயே காலி! கடைக்கு வருவது சுமார் 187.

எதிர்க் கடை மஞ்சளில் இருக்கிறது. அங்கே இந்தக் கணக்குப்படி சுமார் 238 வோல்ட் இருக்கும்! ஒரே தெருவில், ஒரே நேரத்தில், ஒரு கடையில் விசிறி பறக்கிறது. எதிர்க் கடையில் தூங்கி வழிகிறது. “அவனுக்கு மட்டும் எப்படி?” என்று மனஸ்தாபம் கூட வந்துவிடும். எதிர்க் கடைக்காரர் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. அவர் வேறு கம்பியில் இருக்கிறார். அவ்வளவுதான்.

இதற்கு வைத்தியம் எளிது. சிவப்பில் உள்ள சில வீடுகளைக் கழற்றி, மஞ்சளிலும் நீலத்திலும் மாற்றிக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் 30 ஆம்பியர் என்று சமமானால், நஷ்டம் 15 வோல்ட்தான். எல்லோருக்கும் 225 கிடைக்கும். புதுக் கம்பி வேண்டாம். புது டிரான்ஸ்பார்மர் வேண்டாம். ஏணியும் ஆளும் இருந்தால் போதும்.

ஆனால் மூன்று பேஸிலும் 60, 60, 60 என்று ஓடினால்? அப்போது மாற்றிக் கட்டிப் பயனில்லை. எல்லோருக்குமே 210தான் வரும். கம்பியைத் தடித்ததாக மாற்ற வேண்டும். அல்லது தெருவின் நடுவில், கடைக்குப் பாதித் தூரத்தில், புது டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். தூரம் பாதியானால் நஷ்டமும் பாதி. 210 என்பது 225 ஆகும். இதற்கு மதிப்பீடு போட வேண்டும். மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். இடம் பார்க்க வேண்டும். “என் வீட்டு வாசலில் வைக்காதே” என்று ஆட்சேபிப்பவர்களும் இருப்பார்கள். ஆகவே நாளாகும்.

மனுவில் எதைக் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்தே புரிகிறதல்லவா? முதல் வைத்தியம் சில நாளில் நடக்கக்கூடியது. எனவே முதலில் அதைக் கேட்க வேண்டும்.

இரண்டு தவறான வைத்தியங்கள்

குறை தீரும்வரை சும்மா இருக்க முடியாமல் கடைக்காரர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள்.

ஒன்று, ஸ்டெபிலைசர். பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைப்பது நல்லதுதான். ஆனால் அது மந்திரப் பெட்டி அல்ல. குறைந்த வோல்டேஜை உயர்த்திக் கொடுக்க, கம்பியிலிருந்து கூடுதல் கரண்டை இழுக்கிறது. 240 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும் சாமான், 180 வோல்ட்டில் ஸ்டெபிலைசர் வழியாக ஐந்தரை ஆம்பியர் இழுக்கும். தெருவில் எல்லோரும் வைத்தால், கம்பியில் சுமை இன்னும் ஏறும். ஸ்டெபிலைசர் இல்லாத வீட்டில் வோல்டேஜ் இன்னும் இறங்கும்.

இரண்டாவது, மூன்று பேஸ் இணைப்பு உள்ளவர்கள் வைத்திருக்கும் பேஸ் மாற்றும் சுவிட்ச். சிவப்பில் வோல்டேஜ் குறைந்தால் மஞ்சளுக்குத் திருப்புகிறார்கள். பத்துக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் மஞ்சளுக்குத் திருப்பினால்? நன்றாக இருந்த மஞ்சளும் படுத்துவிடும். சில சமயம் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போய், எல்லோரும் மெழுகுவத்தி ஏற்ற வேண்டியதாகும்.

மனு எப்படி இருக்க வேண்டும்?

மனுவை வாங்கும் உதவிப் பொறியாளருக்கு நூற்றுக்கணக்கான கம்பங்கள். எந்தக் கம்பம், எந்த நேரம், எந்தக் குறை என்று தெரிந்தால்தான் ஆளை அனுப்ப முடியும். மாலைக் குறையைக் காலையில் வந்து பார்த்தால் தெரியாது. ஆகவே ஏழு நாள் குறித்து வைத்த கணக்கு வேண்டும். நம் மளிகைக் கடைக்காரரின் மனு இப்படி இருக்கலாம்:

“பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர் அவர்களுக்கு. என் மின் இணைப்பு எண், கடை முகவரி, கைபேசி எண் மேலே உள்ளன. எங்கள் தெருக்கோடிக் கம்பத்தின் எண்ணும் எழுதியுள்ளேன். கடந்த ஏழு நாளாக மாலையில் வோல்டேஜ் குறைகிறது. நேற்று மீட்டரில் கண்டது: மாலை 3 மணிக்கு 234, 6.30க்கு 205, 8 மணிக்கு 187, 9.30க்கு 193; இரவு 11 மணிக்கு 228. ஏழு நாள் கணக்கும் இணைத்துள்ளேன். கடையில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 8 மணிக்கு இதே நிலைதான். எதிர்க் கடையில் அதே நேரத்தில் 238 இருக்கிறது. ஆகவே எங்கள் பேஸில் சுமை அதிகம் என்று தோன்றுகிறது. மாலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் அளந்து பார்த்து, சுமையைப் பிரித்துத் தர வேண்டுகிறேன். இதே குறையுள்ள அண்டைக் கடைக்காரர்களின் மின் இணைப்பு எண்களும் கையொப்பங்களும் கீழே உள்ளன.”

இந்த மனுவில் கோபமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் தட்டிக் கழிக்க முடியாத விவரம் இருக்கிறது. மின் இணைப்பு எண்ணை மறக்கக் கூடாது. எந்தப் பிரிவு, எந்தப் பகிர்மானம் என்பது அந்த எண்ணிலேயே அடங்கியிருக்கிறது. அலுவலகத்தில் அதைக் கொண்டே எந்த டிரான்ஸ்பார்மர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

மனுவின் நகல் ஒன்றில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். மின்னகத்திலும் புகாரைப் பதிந்து, அவர்கள் தரும் எண்ணை அதே தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

பிறகு என்ன நடக்கும்?

மாலையில் ஆள் வருவார். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியையும் “டாங் டெஸ்டர்” என்ற கருவியால் கவ்விப் பார்ப்பார். கம்பியைக் கழற்றாமலே அதில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதை அது காட்டும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மராக இருந்தால், ஒவ்வொரு பேஸிலும் சுமார் 133 ஆம்பியர் வரை எடுக்கலாம். ஒன்றில் மட்டும் அது மீறி, மற்ற இரண்டில் இடம் இருந்தால் சுமையைப் பிரிப்பார்கள். மூன்றும் மீறியிருந்தால் புது டிரான்ஸ்பார்மருக்கு மதிப்பீடு எழுதுவார்கள்.

எழுதினார்களா, இல்லையா என்று கேட்பது கடைக்காரரின் உரிமை. மதிப்பீடு போட்டிருந்தால், எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்டு, குறித்துக்கொள்ளலாம்.

பதிலே இல்லையென்றால், உதவிச் செயற்பொறியாளர், அதற்கு மேல் செயற்பொறியாளர் என்று படியேறலாம். மின் நுகர்வோர் குறைதீர்க்கும் கூட்டங்கள் நடக்கும் நாளும் இடமும் செய்தித்தாள்களில் வருகின்றன. அங்கே மனுவோடு நேரில் போகலாம்.

அங்கும் நடக்காவிட்டால் சட்டம் கைகொடுக்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதன் தீர்ப்பும் திருப்தியில்லை என்றால், மின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். வகுத்த தரத்தில் வாரியம் சேவை செய்யாவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு உண்டு என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பிறந்தது. 2010இல் அது பிரிக்கப்பட்டது. 2024இல் மின் வினியோகம் தனிக் கழகமாயிற்று. ஆனாலும் மக்கள் வாயில் அது இன்றும் “இ.பி.”தான். மனுவில் எந்தப் பெயரை எழுதினாலும் பாதகமில்லை. எழுத வேண்டியவை நேரம், வோல்ட், கம்பத்தின் எண், இணைப்பு எண்.

ஏழு நாள் கணக்கை எழுத ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். கடன் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு வோல்ட் கணக்கு எழுதுவதா பெரிய வேலை?